ஜனவரியில் மூடும் கதவும் மார்ச்சில் முடியும் ஆண்டும்

தை பிறக்கும் தறுவாயில், மாதச் சம்பளம் வாங்கும் உத்தியோகஸ்தர்களுக்கு அவரவர் நிறுவனத்தின் பேரோல் பிரிவிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்து சேருவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஏப்ரலில் உத்தேசமாக அறிவித்த முதலீடுகளுக்கும் வீட்டு வாடகைக்கும் இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கும் உரிய சான்றுகளை இன்ன தேதிக்குள் போர்ட்டலில் ஏற்றவேண்டும், தவறினால் அந்த அறிவிப்பு தள்ளுபடியாகி, குறைந்த வரி முழுவதும் எஞ்சிய மாதங்களில் பிடிக்கப்படும் என்பது அதன் சாரம். அந்தத் தேதி பெரும்பாலும் ஜனவரியின் முற்பகுதியில் விழுகிறது. அதைத் தவறவிட்டவர்கள், ஜனவரிச் சம்பளச் சீட்டைக் கண்டு திடுக்கிட்டு, பிப்ரவரியில் சான்றுகளைத் திரட்டிக்கொண்டு போய் நிற்கும்போது, "காலம் கடந்துவிட்டது, இனி ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வாங்கிக்கொள்ளுங்கள்" என்ற ஒற்றை வரிப் பதில் கிடைக்கிறது. அந்தப் பதிலில் பாதி உண்மையும் பாதி நிர்வாகச் சௌகரியமும் கலந்திருக்கின்றன என்பதும், அவ்விரண்டையும் பிரித்துணர்ந்து கேட்பவருக்குப் பேரோல் பிரிவினரே பல சமயங்களில் இசைந்து வருவார்கள் என்பதும் என் அபிப்பிராயம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில், சம்பளத்திலிருந்து வரி பிடிக்கும் கடமையை முதலாளி மீது சுமத்துவது 192ஆம் பிரிவு. ஆண்டு முழுவதற்கும் ஒருவருக்குச் சேரக்கூடிய சம்பளத்தை மதிப்பிட்டு, அதற்குரிய வரியைக் கணக்கிட்டு, சராசரி விகிதத்தில் மாதாமாதம் பிடிக்கவேண்டும் என்பது அதன் திட்டம். மதிப்பீடு என்றாலே பிசகும் சாத்தியம் உண்டு என்பதைச் சட்டத்தை இயற்றியவர்கள் அறியாதவர்கள் அல்லர். ஆகையால்தான் அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவில், முன்னர் பிடித்ததில் மிகுதியோ குறைவோ நேர்ந்திருந்தால், அந்நிதியாண்டுக்குள்ளேயே பிந்திய பிடித்தங்களைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்துகொள்ளலாம் என்று அதிகாரம் தந்திருக்கிறார்கள். சான்றுகளைக் கேட்டுப் பெறவேண்டும் என்ற கடமை 2015இல் 192(2டி) என்ற உட்பிரிவாகச் சேர்ந்தது. அதற்குரிய 26சி விதியும் 12பிபி என்ற படிவமும் 2016 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தன. இவற்றில் எதிலும் ஜனவரி என்ற பேச்சே இல்லை. சட்டத்துக்குத் தெரிந்த எல்லை நிதியாண்டின் கடைசிச் சம்பளம். ஜனவரி என்பது அந்தந்த நிறுவனம் தனக்குத்தானே வகுத்துக்கொண்ட ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டுக்கு நியாயம் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 2009இல் லார்சன் அண்ட் டூப்ரோ வழக்கில், விடுமுறைப் பயணப்படியை ஊழியர்கள் உண்மையாகவே பயணத்துக்குச் செலவிட்டார்களா என்று சான்று திரட்டும் சட்டக் கடமை முதலாளிக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சான்று பெறுவதைக் கட்டாயமாக்கும் உட்பிரிவு பின்னர் சட்டத்தில் நுழைந்ததும் அந்தச் சௌகரியம் போயிற்று. 2022 நவம்பரில், அதே பயணப்படி விஷயமாகவே, வெளிநாட்டு ஊர்களைச் சுற்றிக்கொண்டு உள்நாட்டில் வந்து முடிந்த பயணங்களுக்கு வரி பிடிக்காமல் விட்ட பாரத ஸ்டேட் வங்கியைக் கடமை தவறிய தரப்பாக அதே நீதிமன்றம் நிர்ணயித்தது. இந்த இரண்டாம் தீர்ப்பைப் படித்த எந்தச் சம்பளக் கணக்காளரும், தம் மேஜைக்கு வரும் வாடகை ரசீதைச் சற்றுச் சந்தேகத்தோடுதான் நோக்குவார். பிடிக்கவேண்டிய வரியைப் பிடிக்காமல் விட்டால் 201ஆம் பிரிவின்படி வரியும், மாதத்துக்கு 1 சதவீத வட்டியும் நிறுவனத்தின் தலையில் விழும். அதிகமாகப் பிடித்துவிட்டாலோ அவ்விதமான தண்டனை எதுவும் இல்லை. இந்த ஒருபக்கச் சாய்வுதான், சந்தேகம் வரும்போதெல்லாம் அதிகமாகப் பிடி என்று கணக்காளரின் மனத்தைத் திருப்புகிறது.

ஜனவரிக்கு மற்றொரு காரணமும் உண்டு. அது ஊழியருக்கே அனுகூலமானது. சான்று வராதவர்களின் வரிக்குறை மார்ச் மாதத்தில்தான் தெரியவந்தால், முழுத் தொகையையும் ஒரே சம்பளத்தில் பிடிக்கவேண்டியிருக்கும். அதை மூன்று மாதங்களுக்குப் பரப்பத்தான் ஜனவரியில் கணக்கை மூடுகிறார்கள். ஆனால் குறையைப் பரப்புவதற்காக வைத்த அதே மூன்று மாதங்கள், மிகுதியைச் சரிசெய்வதற்கும் பயன்படக்கூடியவைதாம் என்பதை அநேக நிறுவனங்கள் மறந்துவிடுகின்றன.

கணக்கு எவ்விதம் நடக்கிறது என்பதை ஓர் உதாரணத்தால் காண்போம். முழுமையாக முடிந்துவிட்ட ஆண்டை எடுத்துக்கொள்வது தெளிவு தரும் என்பதால் 2024-25ஐ எடுத்துக்கொள்கிறேன். சென்னையில் வாடகை வீட்டில் குடியிருக்கும் ஓர் உத்தியோகஸ்தருக்கு மாதம் ரூ.1,00,000 சம்பளம், அதில் அடிப்படைச் சம்பளம் ரூ.50,000, வீட்டு வாடகைப்படி ரூ.25,000. வாடகையும் மாதம் ரூ.25,000. பி.எஃப். பிடித்தம் ஆண்டுக்கு ரூ.72,000 ஆகிறது, எல்.ஐ.சி. பிரீமியமாக ரூ.30,000, பி.பி.எஃப். கணக்கில் ரூ.48,000 என்று சேர்த்து 80சி பிரிவின் உச்சவரம்பான ரூ.1,50,000ஐ நிரப்புகிறார். மூத்த குடிமக்களான பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டுக்கு ரூ.40,000. பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். தொழில்வரியை எளிமை கருதி விட்டுவிடுகிறேன்.

வாடகைப்படிக்குரிய விலக்கு, கிடைத்த படி, அடிப்படைச் சம்பளத்தில் பாதி, கொடுத்த வாடகையிலிருந்து அடிப்படைச் சம்பளத்தின் பத்தில் ஒரு பங்கைக் கழித்த தொகை ஆகிய மூன்றில் எது குறைவோ அது, இவருக்கு ரூ.2,40,000. நிலையான கழிவு ரூ.50,000ஐயும் சேர்த்தால் மொத்தக் கழிவு ரூ.4,80,000 ஆகி, வரிக்குரிய வருமானம் ரூ.7,20,000 என்று நிற்கும். அதற்கு வரி, 4 சதவீத மேல்வரியும் சேர்த்து, ரூ.58,760. ஏப்ரலில் கொடுத்த அறிவிப்பை நம்பி நிறுவனம் மாதம் ஏறத்தாழ ரூ.4,897 வீதம் பிடித்து வருகிறது. டிசம்பர் முடிய ரூ.44,070 சேர்ந்துவிடுகிறது.

ஜனவரி வருகிறது. வீட்டுச் சொந்தக்காரர் தம் பான் எண்ணைத் தரத் தயங்குகிறார். ஆண்டு வாடகை ரூ.1,00,000ஐத் தாண்டினால் அந்த எண் வேண்டும் என்பது விதி. (பான் எண்ணைக் கேட்டால் வாடகையை ஏற்றும் கனவான்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.) பெற்றோரின் பாலிசிக்குத் தவணை பிப்ரவரியில்தான் வருகிறது. பி.பி.எஃப்.க்குப் பணம் இனிமேல்தான் கட்டவேண்டும். கையில் இருப்பது எல்.ஐ.சி. ரசீது ஒன்றே. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தடவையில் கொடுத்துவிடலாம் என்று எண்ணி அதையும் வைத்துக்கொள்கிறார். தேதி கடந்துபோகிறது.

பேரோல் பிரிவு இப்போது மறுபடியும் கணக்கிடுகிறது. சான்றில்லாமலே அவர்களுக்குத் தெரிந்தவை நிலையான கழிவும் பி.எஃப். தொகையும் மாத்திரமே. வரிக்குரிய வருமானம் ரூ.10,78,000 ஆகிவிடுகிறது, வரி ரூ.1,41,336. ஏற்கெனவே பிடித்த ரூ.44,070 போக மீதி ரூ.97,266ஐ மூன்றாகப் பிரித்து மாதம் ரூ.32,422 பிடிக்கிறார்கள். டிசம்பரில் ரூ.4,897 பிடித்த அதே சம்பளத்தில் ஜனவரியில் அதைப்போல் ஆறு மடங்குக்கு மேல் போய்விடுகிறது. மொத்தக் குறையும் மார்ச்சிலேயே பிடிக்கப்பட்டிருந்தால் அந்த மாதச் சம்பளம் ஏறக்குறைய முழுவதுமே கரைந்திருக்கும் என்பதையும் இங்கே கவனிக்கவேண்டும். எல்.ஐ.சி. ரசீதை மட்டுமாவது உரிய நாளில் கொடுத்திருந்தால் வரி ரூ.9,360 குறைந்திருக்கும், இருப்பதைக் கொடுத்துவிட்டு மற்றதைப் பின்னர் தருவதற்கு எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை.

பிப்ரவரி முதல் வாரத்தில் பான் எண் கிடைக்கிறது, பிரீமியமும் கட்டியாகிறது, பி.பி.எஃப்.பிலும் பணம் விழுகிறது. இப்போது அவர் கோரிக்கை வைத்தால் என்ன நடக்கக்கூடும்? ஆண்டுக்குரிய உண்மையான வரி ரூ.58,760, ஜனவரி முடியப் பிடித்தது ரூ.76,492. அதாவது ஆண்டு வரி முழுவதும் பிடித்தாகி, மேற்கொண்டு ரூ.17,732 மிகுதியாகவும் இருக்கிறது. சான்றுகளை ஏற்றுக்கொண்டால் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கவேண்டியதில்லை. ஜனவரியில் பிடித்த வரியோ, மறுமாதம் ஏழாம் தேதிக்குள் கட்டவேண்டும் என்ற விதிப்படி சர்க்காருக்குப் போய்விட்டது, அந்த ரூ.17,732 ரிட்டர்ன் வழியாகவே திரும்பி வரவேண்டும். மாறாக, பிப்ரவரிச் சம்பளக் கணக்கு மூடிய பிறகு விழித்துக்கொண்டு மார்ச்சுக்கு முன் கேட்டால், மார்ச் பிடித்தத்தை மட்டுமே நிறுத்த முடியும். ரீஃபண்டுக்குக் காத்திருக்கவேண்டிய தொகை ரூ.50,154 ஆக உயரும். கேட்காமலேயே விட்டாலோ அது ரூ.82,576. இந்த மூன்று தொகைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், பிந்திய சான்றைப் பற்றிய விவாதத்தின் உயிர்நிலை புலப்படும்: நிறுவனத்தால் சரிசெய்ய முடிவது இனிமேல் பிடிக்கப்போவதை மாத்திரமே. ஒவ்வொரு சம்பள நாள் கடக்கும்போதும் அந்த அதிகாரம் ஒரு மாத அளவுக்குக் குறைந்துகொண்டே வருகிறது. மார்ச் சம்பளத்தோடு அறவே தீர்ந்துபோகிறது.

இங்கேதான் பெரும்பாலான கோரிக்கைகள் வழுக்குகின்றன. "ஜனவரியில் அதிகமாகப் பிடித்துவிட்டீர்கள், திருப்பித் தாருங்கள்" என்று எழுதுகிறார்கள். அது பேரோல் பிரிவினரால் இலகுவில் செய்ய இயலாத காரியம். ஊழியரின் பேரில் பிடித்துச் சர்க்காரிடம் கட்டிய வரி ஊழியரின் கணக்குக்குரியது. அதை நிறுவனம் தன் கையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் பின்னர் ஈடுகட்டிக்கொள்ளப் பெரும்பாலான நிறுவனங்கள் துணிவதில்லை. இயலாததைக் கேட்டால் இயல்வதும் சேர்ந்து மறுக்கப்படும். ஆகையால் கோரிக்கை இனிவரும் பிடித்தத்தைப் பற்றியதாக மட்டும் இருக்கவேண்டும். நமது உத்தியோகஸ்தர் எழுதக்கூடிய கடிதம் ஏறத்தாழ இவ்விதம் அமையலாம்:

"வணக்கம். 2024-25 நிதியாண்டுக்கான என் சான்றுகளைக் குறித்த தேதிக்குள் அளிக்க இயலவில்லை. வீட்டுச் சொந்தக்காரரின் பான் எண் இம்மாதம் முதல் வாரத்தில்தான் கிடைத்தது. பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியமும் பி.பி.எஃப். தொகையும் இம்மாதமே செலுத்தப்பட்டன. கையொப்பமிட்ட 12பிபி படிவத்தையும், வாடகை, எல்.ஐ.சி., பி.பி.எஃப்., மருத்துவக் காப்பீடு ஆகியவற்றின் ரசீதுகளையும் இணைத்திருக்கிறேன். இவற்றின்படி என் ஆண்டு வரி ரூ.58,760, ஜனவரி முடியப் பிடித்தது ரூ.76,492. ஆகவே 192(3) பிரிவின்படி பிப்ரவரி, மார்ச் சம்பளங்களில் வரிப் பிடித்தத்தை நிறுத்தி உதவுமாறு வேண்டுகிறேன். ஏற்கெனவே பிடித்ததைத் திருப்பித் தரும்படி கோரவில்லை. அந்த மிகுதியை ரிட்டர்ன் மூலம் பெற்றுக்கொள்வேன்."

இக்கடிதத்தின் பலம் அதன் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. நிறுவனம் எதையும் இழக்கவில்லை, கட்டிய பணத்தைத் தொடவேண்டியதில்லை, செய்யவேண்டியது சம்பள மென்பொருளில் ஒரு மறுகணக்கு மட்டுமே என்பது அதனால் விளங்கிவிடுகிறது. தாமதத்தின் காரணத்தைச் சொல்லும்போது, குறித்த தேதிக்குள் அந்தச் சான்று உலகத்திலேயே இல்லை என்பதைக் காட்டமுடியுமானால் அதைக் காட்டுவது உத்தமம். பிப்ரவரியில் கட்டிய பிரீமியத்துக்கு ஜனவரியில் ரசீது கேட்க எந்த நியாயவானுக்கும் மனம் வராது. பிரீமியம் ரொக்கமாகக் கட்டப்பட்டிருந்தால் மட்டும் 80டி கழிவு கிடையாது. ஆகவே வங்கி வழியாகச் செலுத்தியது ரசீதிலேயே தெரியவேண்டும்.

பிற்காலத் தேதிகளைப் பற்றிய இந்தச் சிக்கல் சான்று வாங்கும் முறையிலேயே ஒரு விநோதமாகப் படிந்திருக்கிறது. ஜனவரி பத்தாம் தேதி, மார்ச் மாத வாடகைக்கும் ரசீது கேட்கப்படுகிறது. ஊழியர்களும் இன்னும் பிறவாத மாதத்துக்கு ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள்! சில நிறுவனங்கள் விவேகமாக, சென்ற ஆண்டின் ரசீதையும், மார்ச் 31க்குள் செலுத்திவிடுவேன் என்ற உறுதிமொழியையும் பெற்றுக்கொண்டு, பின்னர் அசல் ரசீதைக் கேட்கின்றன. பின்னர் ரசீது வாங்கிச் சரிபார்க்க அவர்களால் முடிகிறதென்றால், பின்னர் வரும் மற்றச் சான்றுகளையும் சரிபார்க்க முடியாது என்பதற்கு என்ன காரணம் சொல்லமுடியும்?

பேரோல் பிரிவு வழக்கமாகச் சொல்லும் பதில், சான்றுகளைச் சரிபார்க்கும் வேலை வெளி ஒப்பந்தக்காரரிடம் விடப்பட்டிருக்கிறது, அவர்களுடைய சாளரம் மூடிவிட்டது என்பது. இதில் உண்மை உண்டு. ஆயிரக்கணக்கான ஊழியர்களின் ரசீதுகளை ஒரு மாதத்தில் பார்த்து முடிக்கும் சிப்பந்திகளுக்கு, மார்ச் இருபதாம் தேதிவரை ஒவ்வொருவராக வந்து கதவைத் தட்டினால் வேலை ஓடாது. எனக்குத் தெரிந்த வரையில் இதற்கு நியாயமான மருந்து, ஜனவரிச் சாளரத்தை மூடிய பிறகு மார்ச் முதல் வாரத்தில் மூன்று நான்கு நாட்களுக்கு இரண்டாவது சாளரம் ஒன்றைத் திறப்பதுதான். சில நிறுவனங்கள் அவ்விதம் செய்துவருகின்றன. மார்ச் சம்பளத்தில் பிடித்த வரியைக் கட்ட சட்டம் ஏப்ரல் 30 வரை அவகாசம் தருகிறது. ஆண்டின் கடைசிக் காலாண்டுக்குரிய 24க்யூ அறிக்கையை மே 31க்குள்ளும் 16ஆம் படிவத்தை ஜூன் 15க்குள்ளும் கொடுத்தால் போதும். காலண்டரில் இடமில்லை என்று ஒருவரும் சொல்வதற்கில்லை.

இன்னும் ஒரு விஷயத்தை நிறுவனங்களின் முன்வைக்க விரும்புகிறேன். நமது உத்தியோகஸ்தர் எந்தச் சான்றும் தராமல் புதிய வரிமுறையில் இருந்திருந்தால், 2024-25இல் ரூ.75,000 நிலையான கழிவு போக அவர் செலுத்தவேண்டிய வரி ரூ.71,500. ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது இரண்டு முறைகளில் எதையும் தேர்ந்துகொள்ளும் உரிமை வியாபார வருமானம் இல்லாத சம்பளக்காரருக்கு உண்டு. ஆகவே அவர் ஒரு ரசீதும் கைவசம் இல்லாத ஏமாளியாகவே இருந்தாலும், சர்க்கார் அவரிடம் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய வரி ரூ.71,500க்கு மேல் போகாது. நிறுவனமோ அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கைப் பிடிக்கிறது. அவர் பழைய முறையைத் தேர்ந்ததாக எழுதிக் கொடுத்திருப்பதால் கணக்காளரின் மீது குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் ஏப்ரலில் தேர்ந்த முறையைப் பிறகு மாற்ற விடமாட்டோம், பிந்திய சான்றையும் ஏற்கமாட்டோம் என்று இரண்டு வாயில்களையும் ஒரே சமயத்தில் அடைத்துவிடுவது மிகையான கடுமை. 2025-26 முதல் புதிய முறையில் ரூ.12,00,000 வரை வரிக்குரிய வருமானம் உள்ளவர்களுக்கு வரியே இல்லாமல் போய்விட்டதால், இதே சம்பளக்காரர் பழைய முறையைத் தேர்வதற்குக் காரணமே இல்லை. இனி பழைய முறையில் நீடிப்பவர்கள் அதிகச் சம்பளமும், வீட்டுக் கடன் வட்டியும், பெரிய வாடகையும் உடையவர்களாகவே பெரும்பாலும் இருப்பார்கள். அவர்களுடைய கணக்கில் ஒரு சான்று தவறினால் 30 சதவீத அடுக்கில் தவறும். ஆகவே தொகைகள் இன்னும் பெரியவை. 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவுகளின் எண்களும் படிவங்களின் எண்களும் மாறியிருப்பதால், கடிதம் எழுதுவோர் அந்த ஆண்டுக்குரிய எண்ணைப் பார்த்துக் குறிப்பிடுவது நல்லது.

கோரிக்கை ஏற்கப்பட்டதா என்பதை அறிவதற்கு, மறுமொழிக் கடிதத்தைவிடச் சம்பளச் சீட்டோடு வரும் வரிக் கணக்கீட்டுத் தாள் நம்பத்தக்க சாட்சி. அதில் அறிவித்த தொகை ஒரு பத்தியிலும் சான்றின் பேரில் ஏற்ற தொகை மற்றொரு பத்தியிலும் இருக்கும். இரண்டாம் பத்தியில் எண் ஏறியிருந்து அந்த மாதப் பிடித்தமும் குறைந்திருந்தால் காரியம் முடிந்தது. எண் ஏறியும் பிடித்தம் குறையவில்லையென்றால், அம்மாதச் சம்பளக் கணக்கு மூடிய பிறகு சான்று ஏற்கப்பட்டிருக்கலாம். அப்படியாயின் 16ஆம் படிவத்திலாவது அந்தக் கழிவுகள் காட்டப்படுமா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளவேண்டும். காட்டப்பட்டால் ரிட்டர்னில் கோரும் கழிவும் படிவத்தில் உள்ள கழிவும் ஒத்துப்போகும். ரீஃபண்டுக்குக் கேள்வி எழும் வாய்ப்பு குறையும். காட்டப்படாவிட்டாலும் கோரும் உரிமை போய்விடுவதில்லை. ஆனால் ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பு முழுவதும் ஊழியரைச் சேர்ந்தது. அவசரப்பட்டு ஏப்ரலிலேயே வரித் துறையின் 26ஏஎஸ் அறிக்கையைத் திறந்து பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. கடைசிக் காலாண்டின் பிடித்தம் 24க்யூ அறிக்கை தாக்கலான பிறகே அதில் தோன்றும்.

எல்லா முயற்சியும் பலிக்காமல் ரூ.82,576 முழுவதும் சர்க்காரிடம் போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். ரிட்டர்னைக் கெடுவுக்குள் தாக்கல் செய்தால், 244ஏ பிரிவின்படி ஏப்ரல் முதல் மாதத்துக்கு அரை சதவீதம் வட்டி சேரும். ஆகஸ்டில் ரீஃபண்ட் வந்தால் ரூ.2,000 சொச்சம். அந்த வட்டிக்கும் வரி உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை பணம் முடங்கிக் கிடந்த காலத்துக்கு வட்டி கிடையாது. 2024-25க்குரிய ரிட்டர்னுக்கு வழக்கமான ஜூலை 31 என்ற கெடு செப்டம்பர் மத்திவரை நீட்டிக்கப்பட்டதால், அந்த ஆண்டு தாக்கலைத் தள்ளிப்போட்டவர்களுக்கு ரீஃபண்டும் அதற்குத் தக்கவாறு தள்ளிப்போயிற்று. இதையெல்லாம்விட ஆபத்தானது வேறொன்று: கெடு கடந்த பின் தாக்கல் செய்யும் ரிட்டர்னில் பழைய வரிமுறையைத் தேர்ந்துகொள்ள முடியாது. வாடகை, பி.பி.எஃப்., எல்.ஐ.சி., பெற்றோரின் காப்பீடு ஆகிய அத்தனை ரசீதுகளும் கையில் இருந்தும், நமது உத்தியோகஸ்தரின் வரி ரூ.58,760க்குப் பதிலாக ரூ.71,500 ஆகிவிடும், வித்தியாசமான ரூ.12,740ஐ நிறுவனமும் தரமுடியாது, வரித் துறையும் தராது. ஆகையால் பேரோல் பிரிவு மறுத்த நாளிலேயே அந்த ரசீதுகளை ஒரு கோப்பில் இட்டு, 16ஆம் படிவம் வந்த கையோடு, கடைசி வாரம்வரை காத்திராமல், ஜூனிலேயே ரிட்டர்னை முடித்துவிடுவதுதான் அவருக்கு எஞ்சியிருக்கும் வழி.